பார்ட்டி யாரென்று வெளியே தெரியாமல் உங்கள் புக்கைக் காட்டுவது எப்படி? வங்கிக் கடன் பிரிவில் வேலை மாறுகிறவர்களுக்கு

என்னுடன் முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி, வேறு வங்கிக்கு விண்ணப்பிக்கும் முன் தன் ரெஸ்யூமை எனக்கு அனுப்பினார். திருப்பூரில் ஒரு தனியார் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நான்கு வருடம் ரிலேஷன்ஷிப் மேனேஜர். நல்ல உழைப்பாளி. மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: "இன்ன சாலையில் உள்ள முன்னணி சாய ஆலைக்கு 2022 மார்ச்சில் ரூ.4.35 கோடி டேர்ம் லோன் பெற்றுத் தந்தேன்." சாலையின் பெயரை அவர் எழுதியிருந்தார், ஆலையின் பெயரை எழுதவில்லை. நான் போன் போட்டு ஆலை முதலாளியின் பெயரைச் சொன்னேன். எதிர்முனையில் பேச்சே இல்லை.

நான் கண்டுபிடித்ததில் வித்தை எதுவும் இல்லை. அந்தச் சாலையில் அந்த அளவுக்குக் கடன் வாங்கக்கூடிய சாய ஆலைகள் இரண்டோ மூன்றோதான். எனக்கு அந்த ஊர் தெரியாமல் இருந்தாலும் கண்டுபிடித்திருக்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால், அந்த அடமானத்தைக் கம்பெனி பதிவாளரிடம் பதிய வேண்டும். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்ற விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் பார்வைக்கும் கிடைக்கும். ரெஸ்யூமில் வங்கியின் பெயர் இருக்கிறது, மாதம் இருக்கிறது, 4.35 என்ற துல்லியமான தொகையும் இருக்கிறது. பெயரைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், பெயரையும் கொடுத்த மாதிரிதான்.

"அதுதான் பொதுப் பதிவிலேயே இருக்கிறதே, நான் சொன்னால் என்ன?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதிவேட்டில் இருப்பது அடமானம் மட்டும். உங்கள் ரெஸ்யூமில் அடுத்த வரியிலேயே "நெருக்கடியில் இருந்த கணக்கை மீட்டேன்" என்று இருந்தால், அந்த ஆலை தவணை கட்டத் தடுமாறியது என்ற செய்தியும் வெளியே போய்விடுகிறது. அது எந்தப் பொதுப் பதிவேட்டிலும் இல்லை. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடக் கூடாது என்ற கடமைக்கு, 1924-ல் இங்கிலாந்தில் டூர்னியர் வழக்கில் வந்த தீர்ப்புதான் இன்றும் அடிப்படை. இந்திய நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு நான்கு விதிவிலக்குகளைத்தான் தருகிறது: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலன் கேட்டால், வங்கியின் சொந்த நலனுக்கு அவசியமானால், வாடிக்கையாளரே சம்மதித்தால். நாம் வேலை தேடுவது இந்த நான்கில் எதிலும் வராது.

சரி, அப்படியானால் எதைத்தான் காட்டுவது? நிறையக் காட்டலாம். ஆளெடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பார்ட்டி பெயர் இல்லாத ரெஸ்யூம்தான் பெரும்பாலும் நன்றாக வருகிறது. தம்பியின் ரெஸ்யூமை நாங்கள் இருவரும் திருத்திய வரிசையிலேயே போகிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில்: எண்களை எங்கிருந்து எடுப்பது

நோட்டீஸ் கொடுத்த பிறகு பலர் செய்கிற முதல் தவறு, போர்ட்ஃபோலியோ எக்செல் ஷீட்டைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவது. "பெயர்களை வீட்டில் போய் அழித்துக்கொள்கிறேன்" என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். வெளி முகவரிக்குப் போகும் கோப்புகளை வங்கியின் கணினி கவனித்துக்கொண்டே இருக்கிறது, நோட்டீஸ் காலத்தில் இன்னும் கூர்மையாக. பிடிபட்டால் ரிலீவிங் லெட்டர் நிற்கும், அடுத்த வேலையும் அத்தோடு போகும். கணினித் திரையைப் போனில் படம் எடுப்பதும் இதே கதைதான்.

தேவையானது பத்துப் பன்னிரண்டு எண்கள்தான். மொத்த லிமிட் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எத்தனை கணக்கு, சேர்ந்தபோது எவ்வளவு இருந்தது, நீங்களே கொண்டுவந்தது எவ்வளவு, தவணை தவறியது எவ்வளவு. இவற்றை நினைவிலிருந்தே எழுதலாம். நான்கு வருடம் மாதா மாதம் ரிவ்யூ மீட்டிங்கில் ஒப்பித்த எண்கள் மறந்தா போகும்? உங்களுக்கென்று வந்த அப்ரைசல் கடிதம், இன்சென்டிவ் கடிதம் இருந்தால் சரிபார்க்க உதவும். அதையும் நகலெடுத்துப் புது வங்கிக்குக் கொடுக்காதீர்கள்.

புக்கின் அளவு

தம்பி முதலில் எழுதியிருந்தது: "38 கோடி போர்ட்ஃபோலியோவைக் கையாண்டேன்." இந்த வரியில் ரகசியம் ஒன்றும் கசியவில்லை, ஆனால் விஷயமும் இல்லை. 38 கோடி என்பது சாங்ஷன் ஆன லிமிட்டா, நிலுவையா? விசாரித்தால் லிமிட் 38, நிலுவை 31. வந்து சேர்ந்தபோது முன்பிருந்தவர் விட்டுப்போன 60 கணக்குகளில் 21 கோடி லிமிட் இருந்தது. இப்போது 84 கணக்கு. பழையவற்றில் சில மூடிவிட்டன, இப்போது இருப்பதில் ஏறத்தாழ 22 கோடி அவரே தேடிக் கொண்டுவந்தது. கேட்கிறவருக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். அதை அவர் எழுதவே இல்லை.

திருத்திய வரி இப்படி வந்தது: "ஜவுளி சார்ந்த சிறுதொழில்களில் சுமார் 80 கணக்குகள். சாங்ஷன் லிமிட் 35 முதல் 40 கோடி, நிலுவை 30 கோடி அளவில். நான்கு வருடத்தில் லிமிட் ஏறத்தாழ 80 சதவீதம் வளர்ந்தது, இன்றைய லிமிட்டில் பாதிக்கு மேல் நானே புதிதாகக் கொண்டுவந்தது. ஒரு கணக்கின் அளவு 10 லட்சம் முதல் 5 கோடி வரை, பெரும்பாலானவை 30 முதல் 60 லட்சத்துக்குள்."

இதில் எந்தத் தொகையும் பைசா சுத்தமாக இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினோம். புதிய மேலாளர் பார்ப்பது நீங்கள் எந்த அளவுக் கடனுக்குப் பழகியவர் என்பதை. அதற்கு 38.2 என்ற எண்ணும் 35 முதல் 40 என்ற வரம்பும் ஒன்றுதான்.

சதவீதங்களில் ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் நின்று பாருங்கள். தம்பி பெருமையாக எழுதியிருந்த இன்னொரு வரி: "நிலுவை 31 கோடி, என்பிஏ 1.16 சதவீதம், ஒரே ஒரு கணக்கு." 31 கோடியில் 1.16 சதவீதம் எவ்வளவு? ஏறத்தாழ 36 லட்சம். ஆக, அந்தக் கிளையில் 36 லட்சம் பாக்கி வைத்து என்பிஏ ஆன ஒரு பார்ட்டி உண்டு என்பது வெளியே வந்துவிட்டது. திருப்பூர் மாதிரி ஊரில் இந்த ஒரு தகவல் அந்த மனிதருக்கு நூல்கடைக்காரர் தரும் கடனை நிறுத்திவிடும். "என்பிஏ நிலுவையில் 2 சதவீதத்துக்குள்" என்று எழுதினால் போதும். அதோடு 31 முதல் 90 நாள் வரை பாக்கியில் இருக்கும் எஸ்எம்ஏ-1, எஸ்எம்ஏ-2 கணக்குகளை எப்படிக் கவனித்தீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். எந்தப் பிரிவில் ஐந்துக்கும் குறைவான கணக்குகள் இருக்கிறதோ, அந்தப் பிரிவுக்குத் தனி எண் கொடுக்காமல் பெரிய பிரிவோடு சேர்த்துச் சொல்வது என் வழக்கம். இது சட்டம் இல்லை, பழகிப் பார்த்த ஒரு கணக்கு. "மிகப் பெரிய ஒரு கணக்கு புக்கில் இத்தனை சதவீதம்" என்று எழுதுவதும் இதே பொறிதான்.

தொழில் தெரியும் என்று காட்டுவது

"சிசி, ஓடி, டேர்ம் லோன், பேக்கிங் கிரெடிட் ஆகியவற்றில் ஆழ்ந்த அறிவு" என்று எல்லா ரெஸ்யூமிலும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. தொழில் தெரிந்ததைக் காட்ட ஒரு கற்பனைக் கேஸைச் சுத்தமாகச் செய்து காட்டுவதுதான் வழி. உண்மையான பார்ட்டியின் பைலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது கற்பனைக் கேஸ் ஆகாது. எண்களின் அமைப்பே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் தாளில் உருண்டையான எண்களோடு தொடங்குங்கள்.

தம்பிக்கு நான் கொடுத்த கேஸ் இது. ஒரு பனியன் யூனிட், அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்றுவரவு 5 கோடி. நாயக் கமிட்டி முறைப்படி நடைமுறை மூலதனத் தேவை விற்றுவரவில் 25 சதவீதம், அதாவது 1.25 கோடி. விற்றுவரவில் 20 சதவீதத்தை, அதாவது 1 கோடியை வங்கி தரும். மீதி 25 லட்சம் முதலாளியின் கையிலிருந்து வர வேண்டும். ஆகவே சிசி லிமிட் 1 கோடி. இதுவரை புத்தகம் படித்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் முதல் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வருகிறது. ஸ்டாக் 80 லட்சம், நூலுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 20 லட்சம், வர வேண்டிய பாக்கி 60 லட்சம். இந்த 60-ல் 90 நாளைத் தாண்டியது 10 லட்சம். டிராயிங் பவர் எவ்வளவு? ஸ்டாக்கிலிருந்து கடனுக்கு வாங்கிய சரக்கைக் கழித்தால் 60 லட்சம், 25 சதவீத மார்ஜின் போக 45 லட்சம். பழைய பாக்கியைத் தள்ளினால் வர வேண்டியது 50 லட்சம், 40 சதவீத மார்ஜின் போக 30 லட்சம். மொத்தம் 75 லட்சம். லிமிட் 1 கோடி இருந்தாலும் பார்ட்டி எடுக்கக்கூடியது 75 லட்சம்தான்.

இன்டர்வியூ எடுக்கிறவர் இங்கேதான் காதைத் தீட்டுவார். நூல் பாக்கியைக் கழிக்க மறந்தால் 90 லட்சம் வரும். பழைய பாக்கியைத் தள்ள மறந்தாலும் தொகை ஏறும். இரண்டும் நடைமுறையில் அன்றாடம் நடக்கிற தவறுகள், ஆடிட்டில் மாட்டுவதும் இவைதான். (மார்ஜின் சதவீதம் வங்கிக்கு வங்கி மாறும். எந்த மார்ஜின் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதுவே அனுபவத்தைக் காட்டும்.) மேலும் இரண்டு கேள்விகளை நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள். இந்த யூனிட்டுக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தால் சிசியை உயர்த்துவதா, ஆர்டரைக் காட்டிப் பேக்கிங் கிரெடிட் தருவதா? கொடுக்கச் சொத்து இல்லையென்றால் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் கொண்டுவரலாமா? அந்த உத்தரவாதத்தின் உச்சவரம்பு 2023-ல் 5 கோடி ஆனது, 2025 ஏப்ரலில் 10 கோடி ஆனது. பழைய வரம்பைச் சொல்கிறவர் சுற்றறிக்கை படிப்பதில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ரெஸ்யூமில் இதை முழுக்க எழுத வேண்டாம். ஒரு பக்கத் தாளாகத் தயார் செய்து, மேலே "கற்பனை உதாரணம்" என்று பெரிதாக எழுதிக் கையில் வைத்திருங்கள். கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

விதி மீறாதவர் என்பதை எப்படிச் சொல்வது

வெளியில் சரிபார்க்கக்கூடியவற்றை முதலில் எழுதுங்கள். ஐஐபிஎஃப் நடத்தும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி, கேஒய்சி மற்றும் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சான்றிதழ், மியூச்சுவல் ஃபண்ட் விற்றால் என்ஐஎஸ்எம் தேர்வு. என்ஐஎஸ்எம் சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் முடியும் மாதத்தையும் போடுங்கள். காலாவதியானதை ரெஸ்யூமில் விட்டுவைத்து மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் அன்றாட ஒழுங்கு. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எத்தனை சதவீதம் தேதிக்குள் வந்தது, கேஒய்சி புதுப்பிப்பு பாக்கி இருந்ததா, வருடாந்திர ரினீவல் தள்ளிப்போனதா. இவை உங்கள் வேலையைப் பற்றிய எண்கள், பார்ட்டியைப் பற்றியவை அல்ல. கேஒய்சியில் ஹை ரிஸ்க் வாடிக்கையாளருக்கு 2 வருடம், மீடியத்துக்கு 8, லோவுக்கு 10 என்ற கால அளவை வைத்து, பாக்கி பட்டியலை எப்படிக் குறைத்தீர்கள் என்று சொன்னால் போதும்.

"எந்த ஆடிட்டிலும் ஒரு குறையும் இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கடன் பிரிவில் அப்படி யாரும் இல்லை. என் ஆரம்ப வருடங்களில் கன்கரன்ட் ஆடிட்டில் இரண்டு கணக்குகளுக்கு ஸ்டாக் இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நெருப்புப் பற்றியிருந்தால் வங்கிப் பணம் போயிருக்கும், முதலாளியின் பிழைப்பும் போயிருக்கும். அன்றிலிருந்து முடியும் மாதவாரியாக ஒரு டைரி போட்டு, 45 நாள் முன்னாலேயே பார்ட்டிக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். நான் வேலை மாறிய ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பார்ட்டி, எந்தக் கிளை என்று யாரும் கேட்டதில்லை, அந்த டைரியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

வாய் திறக்கவே கூடாதவையும் உண்டு. ஆடிட் அறிக்கையின் வாசகம், கிளைக்குக் கிடைத்த ரேட்டிங், ரிசர்வ் வங்கி ஆய்வில் சொன்னவை எல்லாம் வங்கியின் ரகசியம். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, தம்பியின் ரெஸ்யூமிலேயே இருந்த இந்த வரி: "சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகள் ஆறைக் கண்டுபிடித்து எஸ்டிஆர் அனுப்பக் காரணமாக இருந்தேன்." திறமையைக் காட்டத்தான் எழுதினார். ஆனால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு எஸ்டிஆர் போன செய்தியையே வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. எண்ணிக்கை மட்டும்தானே என்று நினைக்கலாம். சின்னக் கிளையில் ஆறு என்ற எண்ணும் வருடமும் யாரையாவது உஷார்படுத்தப் போதும். நாங்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, "பரிவர்த்தனைக் கண்காணிப்பு எச்சரிக்கைகளை உரிய காலத்துக்குள் பரிசீலித்து முடித்தேன்" என்று வைத்தோம்.

"உங்க பார்ட்டி லிஸ்ட் குடுங்க"

இது நிச்சயம் வரும். தம்பிக்கும் வந்தது. அவர் எனக்குச் சொன்னபடி:

"சாயத்தொழில்ல யார் யாரு உங்ககிட்ட இருக்காங்க? ஒரு பத்துப் பேர் சொல்லுங்க, எங்களுக்கு ஒரு ஐடியா கிடைக்கும்."

"பேர் சொல்ல முடியாதுங்க சார். என்ன மாதிரி பார்ட்டின்னு சொல்றேன். சாயம், பிரின்டிங்ல பதினஞ்சு கணக்குக்கு மேல பார்த்திருக்கேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு அவங்க மார்ஜினை எப்படித் தின்னுது, வேலைக்கூலி எத்தனை நாள்ல வரும்னு தெரியும். உங்க புக்ல சாயத்தொழில் இருந்தா எதை முதல்ல பார்க்கணும்னு சொல்றேன்."

"வந்தா எத்தனை பேர் கூட வருவாங்க?"

"அது அவங்க முடிவுங்க சார். முதல் ஆறு மாசத்துல புதுசா எவ்வளவு கொண்டுவர முடியும்னு மார்க்கெட்டை வச்சு ஒரு கணக்கு போட்டிருக்கேன், அதைக் காட்டட்டுமா?"

மறுத்த கையோடு வேறொன்றை அவர் கொடுத்ததைக் கவனியுங்கள். வெறும் "முடியாது" என்றால் உங்களிடம் சரக்கு இல்லை என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகும் பட்டியலையே கேட்டுக்கொண்டிருக்கும் இடம் என்றால், உங்கள் பட்டியலுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்சூரன்ஸ்காரர்களுக்கு

அடிப்படை இதேதான், எண்கள் மாறும். எத்தனை பாலிசி விற்றீர்கள் என்பதைவிட 13-ஆம் மாத பெர்சிஸ்டென்சி பேசும். இரண்டாம் வருட பிரீமியத்தையும் கட்டினார்கள் என்றால், தேவையறிந்து விற்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 61-ஆம் மாத எண் இருந்தால் இன்னும் நல்லது. கிளெய்ம் கதைகளை மட்டும் எழுதாதீர்கள். "இளம் வயதில் கணவரை இழந்த ஆசிரியைக்கு ஒரு கோடி பெற்றுத் தந்தேன்" என்ற வரியை அந்த ஊரில் படிக்கிற எவருக்கும் அந்த அம்மாள் யாரென்று தெரியும், வீட்டில் ஒரு கோடி இருப்பதும் தெரியும். "கிளெய்ம் தாள்களைச் சரிபார்த்து, திரும்பி வராமல் ஒரே முறையில் சமர்ப்பிக்கச் செய்தேன்" என்பதே வேலையைச் சொல்லிவிடுகிறது.

அனுப்பும் முன்

லிங்க்ட்இன் பக்கத்தையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் ஒருமுறை பாருங்கள். ரெஸ்யூமில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, அங்கே சாங்ஷன் லெட்டரை முதலாளி கையில் கொடுக்கும் போட்டோ இருந்தால் என்ன பயன்? தம்பியின் பக்கத்தில் அப்படி மூன்று இருந்தன. ஒன்றில் பின்னால் மேசைக் கணினியின் திரையில் கணக்கு விவரம் திறந்திருந்தது, பெரிதாக்கினால் படிக்கவே முடிந்தது. மூன்றையும் எடுக்கச் சொன்னேன்.

கடைசியாக, அதே ஊரில் அதே தொழிலில் இருக்கிற, உங்கள் வங்கியைச் சேராத ஒருவரிடம் ரெஸ்யூமைக் கொடுத்து, "இதில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். தம்பி தன் மாமாவிடம் கொடுத்தார். அவர் இருபது வருடமாக நூல் கமிஷன் வியாபாரம் செய்கிறவர், திருப்பூரில் அவருக்குத் தெரியாத யூனிட் குறைவு. இரண்டு முறை படித்துவிட்டு, "என்னப்பா, யாரையுமே காணோமே" என்றாராம். அன்று மாலையே தம்பி ரெஸ்யூமை அனுப்பிவிட்டார்.